ஐந்து வாரமாக பிளாக்கர் என்று எழுதியும் கிளையன்ட் "இப்போதுதான் கேள்விப்படுகிறேன்" என்கிறார். தப்பு யாருடையது?

காரமடைக்காரன் · ஜூன் 11, 2025

கோயம்புத்தூரில் ஆறு பேர் டீம், நான் லீட். கிளையன்ட் ஜெர்மனியில் ஒரு கிடங்கு நிறுவனம், பெயர் வேண்டாம். அவர்களுடைய பழைய ஈஆர்பியிலிருந்து புதிய கிடங்கு மென்பொருளுக்கு ஐந்து விதமான ஃபைல்கள் போய்வர வேண்டும்: ஆர்டர், சரக்கு இருப்பு, டெலிவரி நோட், ரிட்டர்ன், பில். எல்லாமே எஸ்எஃப்டிபி சர்வர் வழியாகத்தான். ஜூன் 16 அன்று அவர்களே ஓட்டிப் பார்க்கும் யூஏடி தொடங்குவதாகத் திட்டம்.

அவர்களுடைய டெஸ்ட் சர்வருக்குள் போக எங்கள் இரண்டு ஐபி முகவரிகளை அவர்களின் நெட்வொர்க் டீம் அனுமதிக்க வேண்டும். மே 6 அன்றே கேட்டுவிட்டோம். அதன்பின் வெள்ளிக்கிழமைதோறும் போன ஐந்து ரிப்போர்ட்டிலும் (மே 9, 16, 23, 30, ஜூன் 6) பிளாக்கர் என்ற தலைப்பின் கீழ் அது இருந்தது. ஆங்கிலத்தில் போனதைத் தமிழில் தருகிறேன்:

ஒட்டுமொத்த நிலை: பச்சை.
முன்னேற்றம்: 5 இன்டர்ஃபேஸ், 90% முடிந்தது. 14 டிக்கெட் மூடப்பட்டது, 31 ஸ்டோரி பாயின்ட்.
பிளாக்கர்: எஸ்எஃப்டிபி அனுமதி கிளையன்ட் ஐடியிடம் நிலுவை.
அடுத்த வாரம்: டெஸ்டிங் தொடரும், பிழைகள் சரிசெய்யப்படும்.

முதல் மூன்று வாரம் பச்சை, மே 30 அன்று மஞ்சள், ஜூன் 6 அன்று சிவப்பு போட்டு யூஏடி இரண்டு வாரம் தள்ளி ஜூன் 30 என்று எழுதினோம். நேற்று கால். பட்ஜெட்டுக்குப் பொறுப்பான அவர்களுடைய பெரிய தலை, "இந்தத் தடங்கலைப் பற்றி எனக்கு இப்போதுதான் தெரிகிறது" என்றார். எங்கள் டெலிவரி மேனேஜர் என்னைத் திரும்பிப் பார்க்கிறார். ஐந்து தடவை எழுதியிருக்கிறோமே என்று மெயில்களைத் திறந்து காட்டலாமா? இதற்கு மேல் எப்படி எழுதுவது?

இளநீர்க்கடை · ஜூன் 11

எங்கள் ஆபீசில் இன்னும் மோசம் நண்பா. தினமும் மாலை 6 மணிக்கு ஸ்டேட்டஸ் மெயில், அது போக டைம்ஷீட்டில் அரை மணி நேரக் கணக்கு. டீ குடிக்கப் போனதைக்கூட "நாலெட்ஜ் ஷேரிங்" என்று போட்டிருக்கிறேன். மேனேஜர் படிக்கவே மாட்டார். நானும் ஒரு வாரம் ஒரே மெயிலைத் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்தேன், ஒருவரும் கேட்கவில்லை. ஆகவே கவலைப்படாதீர்கள்.

காரமடைக்காரன் · ஜூன் 11

அது உள்ளுக்குள் போகிற மெயில். இது கிளையன்டுக்குப் போவது, காசு சம்பந்தப்பட்டது. இரண்டும் வேறு.

ஜூரோங்வாசி · ஜூன் 11

நான் அந்தப் பக்கத்து ஆள். சிங்கப்பூரில் ஒரு நிறுவனத்தில் வெண்டர்களிடம் வேலை வாங்குவதுதான் என் பிழைப்பு. திங்கள் காலை என் பெட்டியில் ஏழு வெண்டர்களின் வார ரிப்போர்ட் கிடக்கும். உண்மையைச் சொல்கிறேன், ரயிலில் போனில் பார்ப்பேன். மெயிலின் தலைப்பும் முதல் நாலு வரியும் மட்டும்தான். இணைப்பாக வரும் பிபிடியை ஏதாவது எரியும்போதுதான் திறப்பேன்.

உங்கள் ரிப்போர்ட்டை என் போனில் படித்தால் என்ன ஆகும்? முதல் வரி பச்சை. இரண்டாவது வரி 90%. அதோடு அடுத்த வெண்டருக்குப் போய்விடுவேன். மூன்றாவது வரியில் பிளாக்கர் இருக்கிறது, சரி, ஆனால் அதில் என்னை எதுவுமே கேட்கவில்லையே. "நிலுவை" என்றால் எங்கோ ஒரு வரிசையில் நிற்கிறது, தானாக நகரும் என்றுதான் படுகிறது. மூன்று வாரமும் அதே சொற்கள், அதே இடம். போன வாரம் படித்த வரியைக் கண் தாண்டிப் போய்விடும்.

அந்த மெயில்களைத் திறந்து காட்டாதீர்கள். காட்டினால் அவர் முதலில் பார்ப்பது அந்தப் பச்சையைத்தான்.

இன்னொன்று, ரிப்போர்ட் யாருக்குப் போனது? அவருக்கா, அவருக்குக் கீழே உள்ளவருக்கா?

காரமடைக்காரன் · ஜூன் 11

அவர்களுடைய புராடக்ட் ஓனருக்கு. பெரியவர் சிசியில் இல்லை. ஓனர் சொல்லியிருப்பார் என்று நினைத்தோம்.

டெஸ்ட்கேஸ் தங்கம் · ஜூன் 11

முதல் தப்பு அந்தச் சதவீதம். ஐந்து வாரமும் 90% என்று இருந்தால் ஐந்து வாரம் என்ன செய்தீர்கள்? நான் பத்து வருடமாக டெஸ்டிங்கில் இருக்கிறேன், 90% என்று யார் சொன்னாலும் பாதி என்றுதான் எடுத்துக்கொள்வேன். சதவீதத்தையே தூக்கிப் போட்டுவிட்டு பர்ன்-அப் சார்ட் வையுங்கள். மொத்த ஸ்கோப்புக்கு ஒரு கோடு, முடிந்ததற்கு ஒரு கோடு. படம் பொய் சொல்லாது.

பழம்புளி · ஜூன் 11

தங்கம் சொல்வதில் பாதி சரி. 90% விஷயம் இன்று நேற்றையதல்ல. முதல் 90% கோடிங்குக்கு 90% நேரம் போகும், மீதி 10%-க்கு இன்னொரு 90% நேரம் போகும் என்று பெல் லேப்ஸில் இருந்த டாம் கார்கில் சொன்னது 1985-லேயே அச்சில் வந்து தொழிலில் பழமொழி ஆகிவிட்டது. ஆனால் படம் பொய் சொல்லாது என்பது தப்பு. டிக்கெட் எப்போது "முடிந்தது" என்று மூடப்படுகிறதோ அதைத்தான் பர்ன்-அப் காட்டும். காரமடையாருடைய டீம் டிக்கெட்டுகளை எதை வைத்து மூடியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

காரமடையாரே, டெஸ்ட் சர்வரைப் பார்க்காமல் ஐந்து இன்டர்ஃபேஸும் எப்படி 90% ஆனது?

காரமடைக்காரன் · ஜூன் 11

கிளையன்ட் கொடுத்த ஃபைல் அமைப்பு ஆவணத்தை வைத்து நாங்களே மாதிரி ஃபைல்கள் தயார் செய்தோம். ஐந்தும் அதில் ஓடுகின்றன. சர்வர் கிடைத்ததும் ஒரு முறை ஓட்டிப் பார்ப்பதுதான் மிச்சம் என்று அந்த 10%-ஐ ஒதுக்கி வைத்தோம்.

பழம்புளி · ஜூன் 11

அங்கேதான் இருக்கிறது விஷயம். நீங்களே எழுதிய ஃபைலை நீங்களே படித்தால் எப்போதும் ஓடத்தான் செய்யும். ஜெர்மன் ஈஆர்பி, அதுவும் பழையது என்றால் இரண்டு இடத்தில் கண்டிப்பாக உதைக்கும். ஒன்று, எழுத்துக் குறியீடு. ஃபைல் UTF-8-ல் வராமல் ISO-8859-1-ல் வரலாம், ü, ß உள்ள வாடிக்கையாளர் பெயரெல்லாம் உடையும். இன்னொன்று எண்கள். நாம் 1,234.50 என்று எழுதுவதை அவர்கள் 1.234,50 என்று எழுதுவார்கள். உங்கள் பார்சர் கமாவை ஆயிரம் பிரிப்பு என்று எடுத்தால் தொகை எங்கேயோ போய்விடும், அதுவும் பிழைச்செய்தி எதுவும் வராமல்.

ஆகவே "90%" என்ற இடத்தில் இரண்டு எண்ணிக்கை எழுதியிருக்க வேண்டும். மாதிரி ஃபைலில் ஓடியது 5-ல் 5. கிளையன்ட் சர்வரிலிருந்து வந்த ஃபைலில் ஓடியது 5-ல் 0. அரைகுறைக்கு மதிப்பெண் கிடையாது, ஓடினால் ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தை மூன்று வாரம் அடுத்தடுத்துப் பார்த்தால் அந்தப் பெரியவரே போனை எடுத்திருப்பார். ஸ்டோரி பாயின்ட்டை எடுத்துவிடுங்கள், 31 பாயின்ட் என்பது கோயம்புத்தூருக்கு வெளியே யாருக்கும் ஒன்றும் சொல்லாது.

டெஸ்ட்கேஸ் தங்கம் · ஜூன் 11

எண்ணிக்கை சரி. ஆனால் எங்கள் கிளையன்ட் மைல்ஸ்டோன் பில்லை சதவீதத்தை வைத்துத்தான் பாஸ் செய்கிறார். அதை எடுத்தால் பில் நிற்கும். எல்லாருக்கும் இது பொருந்தாது.

பழம்புளி · ஜூன் 11

பில்லுக்குத் தனியாகச் சதவீதம் இருக்கட்டும், யார் வேண்டாம் என்றது. நிலை வரியில் வேண்டாம்.

இப்போது அந்த பிளாக்கர் வரிக்கு வருகிறேன். காரமடையாரே, கிளையன்ட் நிறுவனத்தில் நெட்வொர்க் மாற்றம் எப்படி நடக்கும், விசாரித்தீர்களா? பெரிய இடங்களில் ஃபயர்வாலில் ஒரு விதி சேர்க்க வாரத்துக்கு ஒரு முறை கூடும் குழு ஒப்புதல் தர வேண்டியிருக்கும்.

காரமடைக்காரன் · ஜூன் 11

நேற்றுத்தான் தெரிந்தது. புதன்கிழமை கூடுகிறார்கள். படிவம் அதற்கு முந்தைய திங்கள் மதியத்துக்குள் போயிருக்க வேண்டும். ஒப்புதல் ஆனால் அடுத்த நாள் இரவு மாற்றத்தைச் செய்வார்கள்.

பழம்புளி · ஜூன் 11

அப்படியானால் பின்னாலிருந்து எண்ணிப் பாருங்கள். யூஏடி ஜூன் 16. உண்மையான ஃபைலை வைத்து ஓட்டி, உடைவதைச் சரிசெய்ய எத்தனை நாள் வேண்டும்?

காரமடைக்காரன் · ஜூன் 11

பத்து வேலைநாள் என்று திட்டத்தில் இருந்தது. ஜூன் 2 முதல் 13 வரை.

பழம்புளி · ஜூன் 11

அப்போது மே 30 வெள்ளி மாலைக்குள் கதவு திறந்திருக்க வேண்டும். அதற்கு முந்தைய புதன் மே 28, மாற்றம் செய்வது 29 இரவு. ஆகவே படிவம் மே 26 திங்களுக்குள் போனால் போதும். மே 23 ரிப்போர்ட்தான் கடைசி வாய்ப்பு.

ரைன்கரை · ஜூன் 12

பழம்புளி சார், ஒரு திருத்தம். நான் டுசல்டார்ஃபில் இருக்கிறேன். இந்த வருடம் மே 29 ஜெர்மனி முழுக்க விடுமுறை, இயேசு விண்ணேறிய நாள், எப்போதும் வியாழனில்தான் வரும். மறுநாள் வெள்ளியையும் பாதிப் பேர் லீவாகப் போட்டுவிடுவார்கள், அதற்கு இங்கே பாலம் போடும் நாள் என்றே பெயர். 29 இரவு ஃபயர்வாலைத் தொட யாரும் இருந்திருக்க மாட்டார்கள். ஆகவே மே 21 கூட்டத்தில் வந்திருக்க வேண்டும், படிவம் மே 19 திங்கள் மதியத்துக்குள். அதாவது மே 16 ரிப்போர்ட்தான் கடைசி.

பழம்புளி · ஜூன் 12

ஒப்புக்கொள்கிறேன், அவர்கள் காலண்டரை நானும் பார்க்கவில்லை. இது கணக்கை இன்னும் இறுக்குகிறது. மே 16 அன்று உங்கள் ரிப்போர்ட்டில் பச்சை இருந்தது. அன்றைக்கு உலகத்தில் யாருக்குமே தெரியாது, அடுத்த ஒன்றரை வேலைநாளுக்குள் ஒரு படிவம் போகாவிட்டால் ஜூன் 16 போய்விட்டது என்று. உங்களுக்கும் தெரியாது. பிளாக்கர் என்று எழுதுவதற்குப் பொருளே அந்தத் தேதியைக் கண்டுபிடித்துச் சொல்வதுதான். நான் அன்று எழுதியிருந்தால் இப்படிப் போயிருக்கும்:

"எஸ்எஃப்டிபி டெஸ்ட் சர்வரில் எங்கள் 2 ஐபி முகவரிகளுக்கு அனுமதி வேண்டும். கேட்டது மே 6, இன்றோடு 8 வேலைநாள். உங்கள் நெட்வொர்க் குழுவிடம் உள்ளது, டிக்கெட் எண் இது. மே 19 மதியத்துக்குள் மாற்றக் குழுவின் பட்டியலில் ஏறினால் ஜூன் 16 நிற்கும். ஏறாவிட்டால் நிற்காது, அதன்பின் தவறும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் யூஏடி ஏறக்குறைய ஒரு வாரம் தள்ளும். அதுவரை மாதிரி ஃபைலில் வேலை தொடர்கிறது, ஆனால் அது இந்த டெஸ்டுக்கு ஈடாகாது."

மெயில் தலைப்பில் "வார ரிப்போர்ட் 7" என்று போடாமல் "மே 19-க்குள் உங்களிடமிருந்து ஒன்று தேவை" என்று போடுவேன்.

நிறத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பச்சை என்றால் யாருடைய உதவியும் இல்லாமல் தேதி நிற்கும். மஞ்சள் என்றால் இன்னார் இந்தத் தேதிக்குள் இதைச் செய்தால் நிற்கும். சிவப்பு என்றால் என்ன செய்தாலும் நிற்காது, புதுத் தேதி பேச வேண்டும். இதைத் திட்டம் தொடங்கும்போதே கிளையன்டோடு எழுதி வைத்துக்கொண்டால் நிறம் அபிப்பிராயமாக இருக்காது. அந்தக் கணக்கில் உங்கள் ரிப்போர்ட் மே 9 அன்றே மஞ்சள், மே 23 அன்று சிவப்பு. வெளியே பச்சை, வெட்டினால் சிவப்பு என்று இதைத் தொழிலில் தர்பூசணி என்பார்கள்.

காரமடைக்காரன் · ஜூன் 12

மே 16 அன்றே மஞ்சள் போடலாமா என்று மேனேஜரைக் கேட்டேன் சார். "மஞ்சள் போட்டால் அங்கே எஸ்கலேஷன் ஆகும், அடுத்த வாரம் வந்துவிடும், பச்சையே போடு" என்றார். இதை நான் என்ன செய்வது?

ஜூரோங்வாசி · ஜூன் 12

எஸ்கலேஷன் ஆகட்டும் என்றுதான் அந்த நிறமே இருக்கிறது. எங்கள் பக்கத்தில் இருந்து சொல்கிறேன், மே மாதம் மஞ்சளைக் காட்டியிருந்தால் நான் என் நெட்வொர்க் ஆளிடம்தான் சண்டை போட்டிருப்பேன். ஜூனில் சிவப்பைக் காட்டினால் உங்களோடுதான் போடுவேன்.

ஆனால் பழம்புளி எழுதிய வரியில் எனக்கு ஒரு பயம். "உங்கள் நெட்வொர்க் குழுவிடம் உள்ளது" வரை சரி. அதற்கு மேல் போய் அங்கே உள்ள ஆளின் பெயரைப் போட்டு விடாதீர்கள். ஒரு வெண்டர் எங்கள் ஆள் ஒருவரின் பெயரைப் போட்டு "நிலுவை 12 நாள்" என்று எல்லாருக்கும் சிசி போட்டார். அந்த வேலை அன்றே முடிந்தது. அதற்கப்புறம் அந்த வெண்டர் கேட்ட எதையும் அந்த ஆள் விதிப்படி கடைசி நாளில்தான் செய்தார்.

பழம்புளி · ஜூன் 12

பெயர் இல்லாத பிளாக்கரை யாரும் எடுக்க மாட்டார்கள். "கிளையன்ட் ஐடி" என்றால் அது ஒரு கட்டிடம். நான் பெயர் போடுவேன். போடுவதற்கு முந்தைய நாள் அந்த ஆளையே கூப்பிட்டு "நாளை ரிப்போர்ட்டில் உங்கள் பெயரோடு வருகிறது, என்ன தேதி போடட்டும்?" என்று கேட்பேன். பாதி பிளாக்கர் அந்தப் போனிலேயே தீர்ந்துவிடும்.

ஜூரோங்வாசி · ஜூன் 12

கூப்பிடுவது நல்ல விஷயம், ஆனால் பெயர் போடுவதில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை.

கொக்குவில் · ஜூன் 12

நான் யாழ்ப்பாணத்திலிருந்து தனியாக வெப்சைட் வேலை செய்து கொடுக்கிறேன். போன வருடம் ஒரு நிலையான தொகைக்கு ஒத்துக்கொண்டு செய்த வேலை. கிளையன்ட் தரவேண்டிய பொருட்படங்களும் விலைப்பட்டியலும் வரவே இல்லை. நானும் ஒவ்வொரு வெள்ளியும் "உள்ளடக்கத்துக்காகக் காத்திருக்கிறேன்" என்று எழுதினேன். ஏழு வாரம் பிந்தியது. கடைசித் தவணையைப் பிந்தியதற்காக வெட்டிவிட்டார்கள். மெயிலைக் காட்டினேன். "தாமதம் என்று நீங்கள் அறிவிக்கவில்லையே, காத்திருக்கிறேன் என்றுதானே சொன்னீர்கள்" என்று கதைத்தார்கள். ஒப்பந்தத்தில் அவர்கள் பிந்தினால் என் தேதியும் பிந்தும் என்று ஒரு வரி இருக்கவில்லை. இப்போது முதலில் அந்த வரியைத்தான் போடுகிறேன்: நீங்கள் தரவேண்டியது எத்தனை நாள் பிந்துகிறதோ என் கடைசித் தேதியும் அத்தனை நாள் நகரும்.

பழம்புளி · ஜூன் 12

அந்த வரி இருந்தாலும் இன்னொரு பொறி உண்டு. பல ஒப்பந்தங்களில் தாமத அறிவிப்பு யாருக்கு, எந்த முகவரிக்கு, எப்படிப் போக வேண்டும் என்று இருக்கும். வாரந்திர ரிப்போர்ட் அந்த அறிவிப்பாக எடுத்துக்கொள்ளப்படாமல் போகலாம். தேதி நகரும் என்று தெரிந்த அன்றே ரிப்போர்ட்டுக்கு வெளியே தனி மெயில் ஒன்று அந்த முகவரிக்குப் போக வேண்டும். காரமடையாரே, உங்கள் ஒப்பந்தத்தைப் படியுங்கள்.

காரமடைக்காரன் · ஜூன் 13, காலை

ஒரு குண்டு. ஜூரோங்வாசியும் பழம்புளி சாரும் சொன்னதைக் கேட்டு நேற்று மாலை நெட்வொர்க் ஆளையே கூப்பிட்டேன். அவர் மிகவும் மரியாதையாக, "உங்கள் படிவத்தை மே 12 அன்றே திருப்பி அனுப்பிவிட்டோமே, எதற்காக இந்த அனுமதி, எந்தத் தேதி வரை என்ற இரண்டு கட்டமும் காலியாக இருந்தன" என்றார்.

திருப்பி அனுப்பியது எங்கள் டெவலப்பர் ஒருவருக்கு. அவர்தான் படிவம் போட்டவர். மே 10 முதல் தங்கை கல்யாணத்துக்கு லீவு, வந்ததும் வேறு புராஜெக்டுக்குப் போய்விட்டார். கிளையன்டின் டிக்கெட் தளத்தில் அவருக்கு மட்டும்தான் லாகின். அங்கே டிக்கெட் ஒரு மாதமாக "கூடுதல் விவரத்துக்காகக் காத்திருக்கிறது" என்று நிற்கிறது. யாருடைய விவரம்? எங்களுடையது.

அதாவது மே 16, 23, 30, ஜூன் 6 ரிப்போர்ட்டுகளில் "கிளையன்ட் ஐடியிடம் நிலுவை" என்று எழுதியது உண்மையே இல்லை. போன வாரத்து வரியை காப்பி அடித்து ஒட்டியது நான்தான். கை நடுங்குகிறது.

இளநீர்க்கடை · ஜூன் 13

அய்யோ. நான் ஒரே மெயிலை ஒரு வாரம் அனுப்பிய கதையைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். நீங்கள் ஐந்து வாரம் அனுப்பியிருக்கிறீர்கள்.

டெஸ்ட்கேஸ் தங்கம் · ஜூன் 13

இதை ஏன் வெளியே சொல்ல வேண்டும்? படிவத்தை இன்றே நிரப்பிப் போடுங்கள், கதவு திறக்கும், யாரும் பழைய டிக்கெட்டைக் கிளற மாட்டார்கள்.

ஜூரோங்வாசி · ஜூன் 13

கிளறுவார்கள். பெரியவர் கூட்டத்தில் "ஏன் இது ஒரு மாதம் ஆனது" என்று தன் நெட்வொர்க் தலைவரைக் கேட்டிருப்பார், அவர் டிக்கெட் வரலாற்றைத்தான் காட்டுவார். உங்களுக்கு முன்னால் அவர் வாயிலிருந்து வந்தால் அதோடு உங்கள் ரிப்போர்ட்டில் எந்த வரியையும் யாரும் நம்ப மாட்டார்கள். இன்று வெள்ளி, ரிப்போர்ட் நாள்தானே? அதிலேயே முதலில் எழுதுங்கள்.

பழம்புளி · ஜூன் 13

நான் பார்த்த இப்படிப்பட்ட பிளாக்கர்களில் பாதிக்கு மேல் சாவி நம் பையிலேயேதான் இருந்தது. அதனால்தான் என் டீமில் பிளாக்கர் வரிக்குக் கடைசியில் ஒரு கட்டம் வைத்திருக்கிறேன்: "கடைசியாக எதிர்த்தரப்பிடம் நேரில் கேட்டது எப்போது, யார்." மெயில் அனுப்பியது அதில் வராது. டிக்கெட்டைத் திறந்து பார்த்தது அல்லது போனில் பேசியது மட்டும். அந்தத் தேதி ஒரு வாரத்துக்கு மேல் பழையதாக இருந்தால் அந்த வரியை ரிப்போர்ட்டில் சேர்க்க விடமாட்டேன். லாகின் இரண்டு பேருக்கு இருக்க வேண்டும் என்பது தனி.

இப்போது இன்றைய ரிப்போர்ட்டில் ஜூன் 30 என்று போடப் போகிறீர்களா?

காரமடைக்காரன் · ஜூன் 13

ஆமாம், போன வாரம் சொன்ன தேதி அதுதானே. திங்கள் 16 மதியத்துக்குள் படிவம், புதன் 18 கூட்டம், வியாழன் 19 இரவு திறக்கும், அப்புறம் ஆறு வேலைநாளில் முடித்துவிடலாம் என்று...

ரைன்கரை · ஜூன் 13

உங்கள் கிளையன்ட் எந்த மாநிலம்? எங்கள் நார்த்ரைன் வெஸ்ட்ஃபாலியா என்றால் ஜூன் 19-ம் விடுமுறை. இது நாடு முழுக்கக் கிடையாது, பெர்லினில் வேலை நடக்கும், இங்கேயும் பவேரியாவிலும் நடக்காது.

காரமடைக்காரன் · ஜூன் 13

நார்த்ரைன் வெஸ்ட்ஃபாலியாவேதான். தலையில் கை வைத்திருக்கிறேன்.

பழம்புளி · ஜூன் 13

அப்படியானால் சாதாரண வழியில் போனால் 23 திங்கள் இரவு வரை கதவு திறக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 24 முதல் பத்து வேலைநாள் எண்ணினால் ஜூலை 7. யூஏடி ஜூலை 8. பத்து நாளை ஆறாகக் குறைக்காதீர்கள், ஃபைலில் என்ன உடையும் என்றே இன்னும் தெரியாது.

ஆனால் இன்னொரு வழி உண்டு. பெரும்பாலான இடங்களில் அவசர மாற்றம் என்று ஒன்று வைத்திருப்பார்கள். மேலே ஒருவர் கையெழுத்துப் போட்டால் புதன் கூட்டத்துக்குக் காத்திருக்க வேண்டாம். அந்தக் கையெழுத்தைப் போடக்கூடியவர் இப்போது கோபமாக இருக்கும் அந்தப் பெரியவர்தான். திங்கள் 16 இரவே திறந்தால் 17 முதல் 30 வரை பத்து வேலைநாள், யூஏடி ஜூலை 1. ஆகவே அடுத்த வாரம் என்ற பகுதியில் "டெஸ்டிங் தொடரும்" என்று எழுதாமல் இந்த இரண்டையும் எதிரெதிரே வைத்து அவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ஒரு வாரம் அவருக்கு எவ்வளவு பெறும் என்று அவருக்குத்தான் தெரியும்.

காரமடைக்காரன் · ஜூன் 13, மாலை

அனுப்பிவிட்டேன். அவர்களுக்கு மதியம் 12, நமக்கு 3:30. இந்த முறை பெரியவரும் பெறுநர் வரிசையில். மெயிலிலேயே, இணைப்பு இல்லாமல்:

தலைப்பு: யூஏடி தேதி, திங்கள் மதியத்துக்குள் உங்கள் முடிவு தேவை

நிலை: சிவப்பு. ஜூன் 16 நிற்காது. போன வாரம் சொன்ன ஜூன் 30-ம் நிற்காது, அந்தத் தேதியில் ஜூன் 19 விடுமுறையை நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை.

திருத்தம்: முந்தைய நான்கு ரிப்போர்ட்டுகளில் சர்வர் அனுமதி உங்கள் ஐடியிடம் நிலுவை என்று எழுதியது தவறு. மே 12 அன்று இரண்டு விவரங்கள் கேட்டுப் படிவம் எங்களுக்குத் திரும்பியது, நாங்கள் கவனிக்கவில்லை. இன்று காலை நிரப்பிக் கொடுத்துவிட்டோம். நெட்வொர்க் குழு கிடைத்ததை உறுதி செய்தது.

முன்னேற்றம்: மாதிரி ஃபைலில் 5-ல் 5. உங்கள் ஃபைலில் 5-ல் 0.

முடிவு: (அ) திங்கள் அவசர மாற்றத்துக்கு ஒப்புதல் தந்தால் யூஏடி ஜூலை 1. (ஆ) புதன் கூட்டம் வழியாகப் போனால் ஜூலை 8.

இடையில் உதவக்கூடியது: ஐந்து வகையிலும் ஒரு உண்மையான ஃபைலை, பெயர் விலாசங்களை மறைத்து, உங்கள் ஆள் மெயிலில் அனுப்பினால் திங்களே எழுத்து, எண் வடிவச் சிக்கல்களைப் பார்த்துவிடலாம்.

கடைசி வரி என் யோசனை. மே மாதமே இதைக் கேட்டிருக்கலாம் என்று இப்போது உறைக்கிறது. திருத்தப் பகுதியை எடுத்துவிடச் சொல்லி மேனேஜர் அரை மணி நேரம் பேசினார். கடைசியில் "உன் பெயரில் அனுப்பு" என்றார். அனுப்பினேன்.

பழம்புளி · ஜூன் 13

அந்தக் கடைசி வரிக்காகவே ஒரு காபி வாங்கித் தருவேன். ஆனால் பெயரை மறைக்கும்போது ü, ß இரண்டையும் சேர்த்து மறைத்துவிட்டால் நீங்கள் பார்க்க வேண்டியதே போய்விடும். அந்த எழுத்துகளை விட்டுவைக்கச் சொல்லுங்கள்.

கொக்குவில் · ஜூன் 14

ஒரு சின்னக் கேள்வி, இந்த வாரம் முடிந்தவை எவை என்று ஜிராவிலிருந்து எப்படி எடுக்கிறீர்கள்? நான் கையால் எண்ணுகிறேன்.

டெஸ்ட்கேஸ் தங்கம் · ஜூன் 14

```
project = WMS AND status = Done
AND status CHANGED TO Done DURING (startOfWeek(), now())
```

முதல் வரியில் `status = Done` முக்கியம். அது இல்லாவிட்டால் செவ்வாய் மூடி வியாழன் திரும்பத் திறந்த டிக்கெட்டும் முடிந்த கணக்கில் வந்துவிடும். பல கிளையன்டுகளுக்கு அப்படிப்பட்ட எண்ணிக்கைதான் போகிறது என்று பந்தயமே கட்டுவேன்.

காரமடைக்காரன் · ஜூன் 17

பெரியவரிடமிருந்து ஞாயிறு இரவு ஒரே வரி: "அ. ஒப்புதல் தந்துவிட்டேன்." திருத்தத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை, நல்லதா கெட்டதா தெரியவில்லை. நேற்று இரவு கதவு திறந்தது. இன்று காலை முதல் ஆர்டர் ஃபைல் வந்தது, ஐந்தாவது வரிசையில் ü இருந்த இடத்தில் கட்டம் கட்டமாக வந்து நின்றுவிட்டது. ISO-8859-1 தான். மதியத்துக்குள் சரி செய்தோம், எண்கள் அடுத்து உதைத்தன, 1.234,50 எங்களிடம் 1.23 ஆகிவிட்டது. அதையும் மாலைக்குள் பிடித்துவிட்டோம்.

உங்கள் ஃபைலில் ஓடியது: 5-ல் 1.

ஒரு சந்தேகம். ஜூலை 1-ஐ அவர் ஏற்றுக்கொண்டுவிட்டார், தேதி இப்போதைக்கு நிற்கிறது. வெள்ளிக்கிழமை என்ன நிறம் போடுவது? மேனேஜர் பச்சை என்கிறார்.

ஜூரோங்வாசி · ஜூன் 17

5-ல் 1 என்று பக்கத்தில் எழுதிவிட்டுப் பச்சை போட்டால் நான் சிரிப்பேன். மஞ்சள்.

பழம்புளி · ஜூன் 17

என் விதிப்படி மஞ்சள் என்றால் யாரோ எதையோ செய்ய வேண்டும். அவர்கள் செய்ய வேண்டியது இப்போது ஏதாவது இருக்கிறதா? இல்லை என்றால் பச்சைதான், எண்ணிக்கை தன் கதையைச் சொல்லும். ரிட்டர்ன் ஃபைலைப் பார்த்துவிட்டுப் போடுங்கள். பழைய ஈஆர்பிகளில் எனக்கு அதுதான் எப்போதும் காலை வாரியிருக்கிறது.